ஐந்து பேப்பர், 22 மணி நேரம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாம் செமஸ்டரில் ஐந்து தியரி பேப்பர்கள் வரும். டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ், டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஜாவா சொல்லித்தரும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸ். முதல் இரண்டுக்கும் தலா 4 கிரெடிட், மற்ற மூன்றுக்கும் தலா 3. ஆக மொத்தம் 17. லேப்களுக்குத் தனிக் கிரெடிட் உண்டு.

பெரும்பாலான மாணவர்கள் இந்த ஐந்துக்கும் நேரம் ஒதுக்குவதே இல்லை. நாளைக்கு எந்த டெஸ்ட்டோ அதை இன்று இரவு படிக்கிறார்கள். டெஸ்ட் இல்லாத நாளில் பிடித்த பாடத்தை எடுக்கிறார்கள். பிடித்த பாடம் என்பது அநேகமாக ஏற்கெனவே வருகிற பாடமாகத்தான் இருக்கும். வராத பாடம் செமஸ்டர் முழுக்க மேஜையின் ஓரத்திலேயே கிடந்து, கடைசியில் அரியராக வந்து நிற்கும். வாரம் தொடங்கும்போதே எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி என்று கணக்குப் போட்டுவிட்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. ஆனால் கிரெடிட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட். இரண்டு மணி நேர லேப் நடந்தால் ஒரு கிரெடிட். யுஜிசியின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். 2023இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: ஒரு கிரெடிட் என்றால், வகுப்பும் வீட்டில் படிப்பதும் எல்லாம் சேர்த்து 30 மணி நேர உழைப்பு. செமஸ்டரை 15 வாரம் என்று வைத்தால், ஒரு கிரெடிட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம் வருகிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு 3 கிரெடிட் என்றால் வாரம் 6 மணி. அதில் 3 மணி வகுப்பிலேயே போய்விடும், மீதி 3 மணி வீட்டில். டிஸ்கிரீட்டுக்கு மூன்று வகுப்பும் ஒரு டியூட்டோரியலும் போக வீட்டில் 4 மணி. டிஜிட்டலுக்குள் இரண்டு மணி லேப் அடங்கியிருப்பதால் வகுப்பிலேயே 5 மணி கழிந்து, வீட்டில் 3 மணி. ஐந்தையும் கூட்டினால் 16 மணி. ஒரு சராசரி மாணவர் வாரம் 16 மணி நேரம் வீட்டில் படிப்பார் என்று நினைத்துத்தான் பாடத்திட்டத்துக்கு இந்த எண்களைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சராசரி மாணவர் என்று யாரும் இல்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பிளஸ் டூவில் கணக்கில் திணறிய பிள்ளைக்கும் சென்டம் வாங்கிய பிள்ளைக்கும் டிஸ்கிரீட்டுக்கு அதே 4 கிரெடிட்தான்.

தினமும் காலேஜ் பஸ்ஸில் போய்வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். முதலில் அவளிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் ஏழரை மணி வீதம் 52.5. காலை ஏழேகாலுக்குக் கிளம்பி மாலை ஐந்தேமுக்காலுக்கு வீடு திரும்புகிறாள் என்றால், ஐந்து நாளைக்கு இன்னொரு 52.5. குளியல், சாப்பாடு, வீட்டு வேலைக்கு நாளுக்கு 3 மணி வீதம் 21. மீதி 42. போன், பேச்சு, விசேஷம், சும்மா இருப்பது எல்லாவற்றுக்கும் நாளுக்கு 2 மணி வைத்தால் 14 போய் 28. ரெக்கார்டு எழுதுவது, அசைன்மென்ட் என்று 3 மணி. மீதி 25.

இந்த 25ஐயும் பாடங்களுக்குப் பிரித்துவிடக் கூடாது. 1994இல் ரோஜர் பூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். முடித்தது 55 நாளுக்கு மேல். மாணவர்கள் போடும் நேரக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் குறைவாக இருக்கும். அதனால் 3 மணி நேரத்தை எந்தப் பாடத்துக்கும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்கிறாள். பிரிக்கக் கிடைப்பது 22 மணி. சனிக்கிழமையும் கல்லூரி வைத்தால் இது 11.5 ஆகும். அப்போது அந்தச் சிறிய எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

22ஐ 17 கிரெடிட்டுக்கு வெறுமனே பகிர்ந்தால் 4 கிரெடிட் பாடங்களுக்கு ஐந்தேகால் மணி, 3 கிரெடிட் பாடங்களுக்கு நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. கிரெடிட் வித்தியாசம் ஜிபிஏவில் எவ்வளவு தெரியும் என்று பார்த்தால் அதுவும் சிறியதுதான். தியரி பாடங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 4 கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறுவதால் ஜிபிஏ 0.24 கூடும். 3 கிரெடிட் பாடத்தில் 0.18. வெறும் 0.06க்காக ஒரு பாடத்தைத் தூக்கிப் பிடித்து இன்னொன்றைக் கைவிடுவதில் அர்த்தமில்லை. பாடத்துக்குப் பாடம் நிஜமாக வேறுபடுவது கடினம்தான்.

கடினத்தை எப்படி அளப்பது? மாணவர்கள் பொதுவாக சீனியர்களைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். ‘டிஎஸ் டஃப்டா, ஜாவா ஈஸி’ என்று சீனியர் சொல்வது அவருக்கு உண்மை. நமக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வினாத்தாளே போதும். செமஸ்டர் பேப்பருக்கு மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். பார்ட் பி-யில் வரும் 13 மதிப்பெண் கேள்விக்கு ஏறத்தாழ 23 நிமிடம். வகுப்பில் நடத்தி முடித்த பகுதியிலிருந்து பழைய வினாத்தாளின் ஒரு 13 மதிப்பெண் கேள்வியை எடுத்து, ஒருமுறை படித்துவிட்டு, மறுநாள் நோட்டை மூடிவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதிப் பார்க்க வேண்டும். 25 நிமிடத்துக்குள் முடிந்தால் அது சுலபமான பாடம், அதற்கு எடை 0.75. நாற்பது நிமிடம் வரை இழுத்தாலும் நோட்டைத் திறக்காமல் முடித்தால் நடுத்தரம், எடை 1. நோட்டைத் திறந்தே ஆக வேண்டியிருந்தால் கடினம், எடை 1.5. இந்த எண்கள் என் அனுபவத்தில் சரிவந்தவை. யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. ஆனால் 1, 2, 3 என்று எடை போட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அப்படிப் போட்டால் கடினமான பாடத்துக்குச் சுலபமான பாடத்தைவிட மூன்று மடங்கு நேரம் போய்விடும். சுலபம் என்று நினைத்த பாடம் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, ஏழாவது வாரத்தில் அதுவும் கடினமாகிவிடும்.

நோட்டை மூடிவைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தொடர்பு சமன்பாட்டைத் தீர்க்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கிரீட்டின் இரண்டாம் யூனிட்டில் வருவது இது. ஒவ்வொரு உறுப்பும் அதற்கு முந்தைய இரண்டு உறுப்புகளிலிருந்து பிறக்கும்:

```
a(n) = 5a(n-1) - 6a(n-2),  a(0) = 1, a(1) = 4
```

நோட்டில் பார்த்தால் நான்கு படிதான். சிறப்புச் சமன்பாடு எழுது, மூலங்கள் 2, 3 என்று கண்டுபிடி, பொது விடையை எழுது, தொடக்க மதிப்புகளைப் போட்டு மாறிலிகளை எடு. வாசிக்கும்போது எல்லாம் புரியும். நோட்டை மூடினால், இரண்டு மூலங்களும் ஒன்றாக வந்தால் பொது விடை எப்படி மாறும் என்ற இடத்தில் பேனா நிற்கும். புரிந்தது என்ற உணர்வை வைத்துக் கடினத்தை மதிப்பிட்டால் டிஸ்கிரீட்டுக்கு 1 போட்டிருப்பாள். எழுதிப் பார்த்ததால் 1.5 என்று தெரிகிறது.

நம் மாணவி இரண்டாம் வாரக் கடைசியில் ஐந்து பாடத்திலும் இப்படி எழுதிப் பார்க்கிறாள். டிஸ்கிரீட் 1.5, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் 1.5. முதலாம் யூனிட்டின் பூலியன் கணக்குகளும் கார்னா மேப்பும் பழகிவிட்டதால் டிஜிட்டலுக்கு 1. ஜாவாவுக்கும் 1. முதல் செமஸ்டரில் பைத்தான் படித்திருப்பதால் டேட்டா சயின்ஸுக்கு 0.75. இனி கிரெடிட்டை எடையால் பெருக்க வேண்டும். டிஸ்கிரீட் 6, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 4.5, டிஜிட்டல் 4, ஜாவா 3, டேட்டா சயின்ஸ் 2.25. கூட்டினால் 19.75. 22 மணியை இந்த விகிதத்தில் பிரித்து அரை மணிக்குத் திருத்தினால் டிஸ்கிரீட்டுக்கு ஆறரை, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு ஐந்து, டிஜிட்டலுக்கு நாலரை, ஜாவாவுக்கு மூன்றரை, டேட்டா சயின்ஸுக்கு இரண்டரை.

டிஸ்கிரீட்டுக்கு இவ்வளவு போவது சிலருக்கு அதிகமாகத் தோன்றலாம். இந்த ஐந்தில் லேப் துணை இல்லாத ஒரே பாடம் அதுதான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கும் ஜாவாவுக்கும் டேட்டா சயின்ஸுக்கும் தனி லேப் இருக்கிறது, டிஜிட்டலுக்கு லேப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. லேப்பில் பைனரி சர்ச் ட்ரீ புரோகிராமை ஒழுங்காக எழுதி ஓடவைத்த பிள்ளை, மூன்றாம் யூனிட்டின் பாதியை அங்கேயே படித்துவிட்டது. டிஸ்கிரீட்டுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. மேஜையில் உட்கார்ந்து போட்டால்தான் உண்டு.

இந்த மணிகளை வாரத்தில் எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வார நாள்களில் மாலை இரண்டேகால் மணி அவளுக்குக் கிடைக்கிறது. நான்கு நாள் முதல் ஒரு மணி டிஸ்கிரீட். பஸ் களைப்பு தூக்கமாக மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும். மீதி ஒன்றேகால் மணியில் இரண்டு நாள் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், இரண்டு நாள் டிஜிட்டல். ஐந்தாம் நாள் ஜாவாவும் டேட்டா சயின்ஸும். சனிக்கிழமை டிஸ்கிரீட் இரண்டரை, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இரண்டரை. ஞாயிறு டிஜிட்டல் இரண்டு, ஜாவா இரண்டேகால், டேட்டா சயின்ஸ் ஒன்றரை. ஆறரை மணி டிஸ்கிரீட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டால் கணக்கில் அதே மணிதான், மனதில் நிற்பது குறைவு. படிப்பதை நாள்களில் பரப்புவதும், மூடிவைத்து எழுதிப் பார்ப்பதும்தான் அதிகம் பலன் தருபவை என்று படிக்கும் முறைகளை ஒப்பிட்டு 2013இல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் வெளியிட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது.

ஒரு பாடத்துக்குக் கிடைத்த மணிகளை அதற்குள்ளே யூனிட் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பேப்பரிலும் ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு 2 மதிப்பெண் கேள்விகளும் ஒரு 13 மதிப்பெண் கேள்வியும் வருவது வழக்கம். அதாவது யூனிட்டுக்கு 17 மதிப்பெண். கடைசி 15 மதிப்பெண் கேள்வி எங்கிருந்தும் வரலாம். 13 மதிப்பெண்ணில் ‘இது அல்லது அது’ என்று தேர்வு உண்டு. ஆனால் இரண்டுமே ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும். ஆகவே ஒரு யூனிட்டை மொத்தமாக விட்டவருக்கு அந்தத் தேர்வால் பயனில்லை. 15 வாரத்தில் ஐந்து யூனிட் என்றால் யூனிட்டுக்கு மூன்று வாரம். நான்காம் வாரம் முடிந்தும் முதல் யூனிட்டிலேயே இருந்தால் அந்தப் பாடம் பின்தங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம், எத்தனை மணி படித்திருந்தாலும் சரி.

யூனிட் வாரியாகப் பார்ப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. டிஸ்கிரீட்டின் மூன்றாம் யூனிட் கிராஃப். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸின் நான்காம் யூனிட்டிலும் கிராஃப் வருகிறது. டிஸ்கிரீட்டின் ஐந்தாம் யூனிட்டில் வரும் பூலியன் அல்ஜீப்ராவை டிஜிட்டலின் முதல் யூனிட்டிலேயே தொட்டுவிடுகிறார்கள். ஓரிடத்தில் நன்றாகப் படித்தது இன்னோரிடத்தில் ஓரிரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது திருத்தும் வேலை. முதல் இன்டர்னல் வந்ததும் கணக்கை மறுபடி போட வேண்டும். நம் மாணவிக்கு டேட்டா சயின்ஸ் 80, ஜாவா 74, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 70, டிஸ்கிரீட் 62, டிஜிட்டல் 41 என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரம் என்று நினைத்த டிஜிட்டல்தான் கவிழ்த்திருக்கிறது. தாளைத் திருப்பிப் பார்த்தால் முதல் யூனிட்டில் மதிப்பெண் இருக்கிறது. இரண்டாம் யூனிட்டில் ஃபிளிப் ஃபிளாப்பை வைத்து கவுன்ட்டர் வடிவமைக்கும் கேள்வியில் ஸ்டேட் டேபிளோடு நின்றுபோயிருக்கிறது. இரண்டாம் வாரத்தில் அவள் எழுதிப் பார்த்தது முதல் யூனிட் கேள்வி. அதை வைத்துப் பாடம் முழுக்க எடை போட்டுவிட்டாள். கடினம் யூனிட்டுக்கு யூனிட் மாறும், அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபடி அளக்க வேண்டும்.

இப்போது டிஜிட்டலுக்கு 1.5, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு 1.25 என்று எடையை மாற்றுகிறாள். மற்றவை அப்படியே. டிஜிட்டல் ஆறரை, டிஸ்கிரீட் ஆறு, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நான்கு, ஜாவா மூன்று, டேட்டா சயின்ஸ் இரண்டரை; கூட்டினால் அதே 22. புதிதாக மணி எங்கிருந்தும் வரவில்லை. தூக்கத்தில் கை வைக்கவுமில்லை.

80 வாங்கிய பாடத்தை 90க்குத் தள்ளுவதா, 41 வாங்கியதை 55க்கு ஏற்றுவதா என்று கேட்டால், கட்டாயம் இரண்டாவதுதான். 2021 ரெகுலேஷனில் தேற இரண்டு கோடுகளைத் தாண்ட வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதம். இன்டர்னலும் சேர்த்து 50 சதவீதம். தியரி பேப்பரில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60 என்று பங்கு. தேர்வில் சரியாக 45 எடுத்தவருக்கு 27 வரும். இன்டர்னலில் 23ஆவது இருந்தால்தான் தேறுவார். இன்டர்னல் 40க்கு 40 இருந்தாலும் தேர்வில் 44 எடுத்தால் அரியர். லேப்பும் சேர்ந்த டிஜிட்டல் பேப்பரில் பங்கு பாதிக்குப் பாதி என்றாலும் 45 என்ற கோடு அங்கேயும் உண்டு. அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரின் பாடங்களோடு இதுவும் சேர்ந்து, அதே 22 மணியில் பங்கு கேட்கும்.

மணியைக் கூட்டியும் மதிப்பெண் அசையாத பாடங்களும் உண்டு. டிஸ்கிரீட்டுக்கு ஆறு மணி கொடுத்து மூன்று வாரம் ஆகியும் கணிதத் தொகுத்தறிதல் கேள்வி வரவில்லை என்றால், ஏழு மணி கொடுத்தாலும் வராது. குறை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. நம் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும் ஒரே பாடமாக வருகின்றன. அந்தப் பாடத்தின் எடுத்துக்காட்டுகளை இரண்டு நாள் மாலையில் போட்டுவிட்டு வந்தால், டிஸ்கிரீட்டின் இரண்டாம் யூனிட் நகரத் தொடங்கும். அந்த இரண்டு மாலைகளை டிஸ்கிரீட்டின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் தனியாகப் போட்டுவிட்டு மறுநாள் ஆசிரியரிடம் கொண்டுபோய், ‘மேம், கே-க்கு உண்மைன்னு எடுத்துக்கிட்டேன், கே பிளஸ் ஒன்னுக்கு எப்படிக் கொண்டுபோறதுன்னு தெரியலை’ என்று நின்ற இடத்தைச் சொல்லிக் கேட்டால் பத்து நிமிடத்தில் தீரும். ‘இந்த யூனிட்டே புரியலை மேம்’ என்று கேட்டால் அவராலும் எங்கே தொடங்குவது என்று சொல்ல முடியாது.

கடைசி இரண்டு வாரத்தில் இந்தக் கணக்கு வேறாகிவிடும். தேர்வு அட்டவணை வந்ததும் எந்தப் பேப்பருக்கு முன்னால் எத்தனை நாள் இடைவெளி என்று பார்க்க வேண்டும். டிஸ்கிரீட்டுக்கு முன்னால் மூன்று நாள் லீவு இருந்து, டிஜிட்டல் அதற்கு மறுநாளே வந்தால், தேர்வுக்கு முந்தைய வாரங்களின் மணிகளை டிஜிட்டலுக்குத் தள்ளிவிட்டு, டிஸ்கிரீட்டின் பழைய வினாத்தாள்களை அந்த மூன்று நாளுக்கு ஒதுக்கிவைக்கலாம். டிஜிட்டலுக்கு நடுவில் கிடைப்பது ஒரே ஒரு மாலை. நான்காம் யூனிட்டின் பைப்லைனை அந்த ஒரு மாலையில் முதன்முறையாகத் திறந்து படிக்க முடியாது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வாரங்களிலேயே அதை முடித்துவைத்திருக்க வேண்டும்.